தமிழ்99 விசைப்பலகை: வரிசை வாரியாகப் பயிற்சிச் சொற்கள்

கேள்வி: தமிழ்99 முறையில் தட்டச்சு பழகத் தொடங்கியிருக்கிறேன். நடு வரிசை, மேல் வரிசை, கீழ் வரிசை என்று பிரித்துப் பயிற்சிச் சொற்கள் தர முடியுமா? கையில் கிடைத்த ஒரு பட்டியலை வைத்துப் பழகினால் ‘நதி’ என்பது ‘ந்தி’ என்று விழுகிறது, ‘இருந்தது’ என்பது ‘இருந்த்து’ ஆகிறது. எங்கே தவறு?

பதில்:

தவறு விரலில் இல்லை, பட்டியலில் இருக்கிறது. பெரும்பாலான பட்டியல்கள் எழுத்து எந்த வரிசையில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துச் சொற்களைப் பிரிக்கின்றன. தமிழ்99-இல் அது போதாது. ஒரே வரிசைச் சொற்களாக இருந்தாலும் புள்ளி எப்படி வருகிறது என்பதைப் பொறுத்து அவை மூன்று வகையாகப் பிரியும். மூன்றையும் கலந்து பழகினால் நீங்கள் சொன்ன இரண்டு பிழைகளும் வந்தே தீரும்.

முதலில் பலகையைப் பார்த்துவிடுவோம்.

```
q ஆ  w ஈ  e ஊ  r ஐ  t ஏ  y ள  u ற  i ன  o ட  p ண  [ ச  ] ஞ
a அ  s இ  d உ  f புள்ளி  g எ  h க  j ப  k ம  l த  ; ந  ' ய
z ஔ  x ஓ  c ஒ  v வ  b ங  n ல  m ர  / ழ
```

மேலே 12, நடுவில் 11, கீழே 8, ஆக 31 விசைகள். உயிர் 12, மெய் 18, புள்ளி 1 என்று கூட்டினாலும் அதே 31தான். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு இது. உயிர்களெல்லாம் இடக்கைக்கும், வ, ங இரண்டைத் தவிர மற்ற மெய்களெல்லாம் வலக்கைக்கும் போயிருப்பதைக் கவனியுங்கள். உயிர்மெய் என்பது வலக்கை ஒரு தட்டு, இடக்கை ஒரு தட்டு.

ஆங்கில எழுத்தில் ammaa என்று அடித்து ‘அம்மா’ வரவழைக்கும் முறையை ஒலிப்பு முறை என்று அழைக்கிறார்கள். அந்த முறைக்கு வரிசைவாரிப் பயிற்சி அவ்வளவாகப் பயன்படாது. அதன் நடு வரிசையில் இருக்கும் ஒரே உயிர் a. i, u, e, o நான்கும் மேல் வரிசையில். ‘கடல்’, ‘அக்கா’ என்று சில சொற்களோடு நடு வரிசை தீர்ந்துவிடும். எனவே இங்கே சொல்வதெல்லாம் தமிழ்99-க்கு மட்டும்.

ஒரு சொல் எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. உயிரும் மெய்யுமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘மது’ நடு வரிசைச் சொல். அதில் ஒரு கால் சேர்த்து ‘மாது’ என்றாக்கினால் ஆ தேவைப்படுகிறது, அது மேல் வரிசை. ‘பொது’ என்ற சொல்லில் ப, த இரண்டும் நடுவில் இருந்தாலும் ஒ கீழ் வரிசையில் இருக்கிறது. திரையில் ‘பொ’ மூன்று துண்டாகத் தெரிந்தாலும் விசை இரண்டுதான்: j, c. பழைய தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் கொம்பை முதலில் தேடுவார்கள். இங்கே கொம்பு என்று ஒரு விசையே கிடையாது, மெய்க்குப் பிறகு எ, ஏ, ஐ, ஒ, ஓ என்று உயிரைத் தட்டினால் கொம்பு தானாக இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நடு வரிசையில் இருப்பவை அ, இ, உ, எ என்ற நான்கு குறில்களும், க, ப, ம, த, ந, ய என்ற ஆறு மெய்களும், புள்ளியும். இந்த 11 விசைகளுக்குள் ஏராளமான சொற்கள் கிடைக்கின்றன. ஆகவே இங்கேயே அதிக நாள் தங்குங்கள்.

முதல் வகையில், இடையில் புள்ளியே இல்லாத சொற்களும், கடைசியில் மட்டும் புள்ளி வரும் சொற்களும், இடையில் வரும் புள்ளியை நாமே வைக்க வேண்டிய சொற்களும் அடங்கும்.

```
அது  இது  எது  மதி  நிதி  பகுதி  தகுதி  மிகுதி  புதிது
பயம்  முகம்  நகம்  மதம்  அதிகம்  இதயம்  உதயம்
நெய்  மெய்  பெய்  எய்து  பெய்து  பக்தி
```

‘பகுதி’ என்பது j h d l s. ‘இதயம்’ என்பது s l ' k f. மூன்றாம் வரியில் உள்ள ‘எய்து’, ‘பெய்து’, ‘பக்தி’ ஆகியவற்றில் வெவ்வேறு மெய்கள் மோதுவதால் புள்ளியை நாமே வைக்க வேண்டும்: ‘பக்தி’ j h f l s. இந்த வகையில் கை தட்டுவதும் திரையில் விழுவதும் ஒன்றுக்கொன்று சரியாக இருக்கும். வியப்பு எதுவும் வராது.

இரண்டாம் வகையில் மென்பொருள் தானே புள்ளி வைக்கிறது. ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதலாவதன் மேல் புள்ளி விழும். மெல்லினத்தைத் தொடர்ந்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இவற்றில் ந்த, ம்ப இரண்டும் நடு வரிசைக்குள்ளேயே இருக்கின்றன.

```
உப்பு  பத்து  முத்து  புத்தி  அம்மி  கும்மி
பக்கம்  மயக்கம்  தயக்கம்  முக்கியம்  புத்தகம்
அந்த  இந்த  எந்த  பந்து  தந்தி  கம்பு  தும்பி  பிம்பம்
```

‘புத்தகம்’ என்பதற்கு j d l l h k f என்று ஏழு தட்டு போதும். f கடைசியில் ஒரே ஒரு முறை. ‘தும்பி’ l d k j s, f-ஏ இல்லை. இங்கே ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ‘பத்து’ என்பதை j l f l d என்று புள்ளியோடு அடித்தாலும் சரியாகவே வரும். பிழை காட்டாததால் நாம் திருத்திக்கொள்வதும் இல்லை. தமிழில் இரட்டை ஒற்று எவ்வளவு வருகிறது என்று நினைத்துப் பாருங்கள், அத்தனைக்கும் ஒரு வீண் தட்டு. இந்த இரண்டாம் தொகுதியை அடிக்கும்போது இடக்கை ஆட்காட்டி விரல் f-இல் அழுந்துகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். ‘உப்பு’ முதல் ‘கும்மி’ வரை உள்ள முதல் வரியில் அது ஒரு முறைகூட அழுந்தக் கூடாது.

மூன்றாம் வகையில்தான் உங்கள் கேள்வி இருக்கிறது. ஒரே மெய் இரண்டு வந்தாலும், மெல்லினமும் இன வல்லினமும் அடுத்தடுத்து வந்தாலும், சொல்லுக்குப் புள்ளி வேண்டாம் என்றால் என்ன செய்வது? நடுவில் a தட்ட வேண்டும். மெய்க்குப் பின் வரும் a, ‘இதோடு அகரம் சேர்ந்துவிட்டது, புள்ளி வைக்காதே’ என்று மென்பொருளுக்குச் சொல்கிறது.

```
நதி      ; a l s
தத்து    l a l l d
ததும்பு   l a l d k j d
நியமம்   ; s ' k a k f
```

‘ததும்பு’ என்ற சொல்லை நான் யாருக்குப் பழக்கினாலும் முதல் நாளே கொடுத்துவிடுவேன். முழுக்க நடு வரிசைச் சொல், இரண்டு விதிகளும் அதற்குள் இருக்கின்றன. a இல்லாமல் l l d k j d என்று அடித்தால் ‘த்தும்பு’ வரும். முதல் இரண்டு தகரங்களுக்கு நடுவே a வேண்டும், ம, ப நடுவே எதுவும் வேண்டாம். ‘நியமம்’ போல ‘மம்’ என்று முடியும் சொற்கள் எல்லாவற்றிலும் இதே பள்ளம் உண்டு. a-ஐ விட்டால் ‘நியம்ம்’ என்று நிற்கும்.

‘நிதி’ முதல் தொகுதியிலும் ‘நதி’ மூன்றாம் தொகுதியிலும் ஏன் என்று கேட்கலாம். ‘நிதி’யில் ந-வுக்கும் த-வுக்கும் நடுவே s வந்துவிடுகிறது. உயிர் குறுக்கே வந்தால் தானியங்கிப் புள்ளி விழாது. ‘நதி’யில் அகரம் உள்ளடங்கி இருப்பதால் மென்பொருளுக்கு ந, த என்ற இரு மெய்கள் மட்டுமே தெரிகின்றன. உங்கள் கணினியில் ; l s மூன்றை மட்டும் தட்டிப் பாருங்கள். ‘ந்தி’ என்று வந்தால் விதி முழுமையாக இயங்குகிறது என்று பொருள். ‘நதி’ என்றே வந்தால் உங்கள் மென்பொருள் சொல்லின் தொடக்கத்தில் விதியைத் தளர்த்துகிறது. அப்போதும் a-ஐச் சேர்த்து அடிப்பதால் எந்தக் கேடும் இல்லை, வேறு கணினியில் உட்காரும்போது கை தடுமாறாது.

இனி ‘இருந்தது’. இதை விசை விசையாகப் பார்ப்போம்.

```
s      இ
m d    இரு
;      இருந
l      இருந்த
a      இருந்த
l d    இருந்தது
```

நான்காம் படியில் ந-வின் மேல் புள்ளி தானாக விழுந்தது. இப்போது கடைசியில் நிற்பது த. அடுத்ததும் த. a இல்லாமல் மேலே போனால் இரண்டு தகரம் சேர்ந்து முதலாவது ஒற்றாகிவிடும், ‘இருந்த்து’ பிறக்கும். ஐந்தாம் படியில் திரையில் எந்த மாற்றமும் தெரியாது. அதனால்தான் இந்தத் தட்டு மறந்து போகிறது. நான் பழகிய முதல் மாதங்களில் எழுதியவற்றைப் பின்னாளில் திறந்து பார்த்தபோது பக்கத்துக்கு நான்கு ‘வந்த்து’ இருந்தது. எழுதும்போது ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ‘வந்தது, தந்தது, நடந்தது, அறிந்தது, விழுந்தது’ என்று இந்த முடிவு உள்ள வினைமுற்றுகள் கணக்கில்லை. ஆகவே `;lald` என்ற ஐந்து தட்டையும் ‘ந்தது’ என்னும் ஒரே அசைவாக விரலுக்குக் கற்றுக்கொடுங்கள். தனியாக ஒரு வரி முழுக்க அதையே அடிக்கலாம்.

‘படித்தது’ என்பதில் மூன்று தகரம் வருகிறதே என்றால், முறைப்படி மூன்றை அடுத்தடுத்து தட்டினால் ‘த்தத’ என்றுதான் வர வேண்டும், இரண்டாவது தகரத்தின் மேல் புள்ளி விழாது. ஐயமாக இருந்தால் இரண்டாவதற்குப் பின் ஒரு a வைத்துவிடுங்கள்.

கூட்டுச்சொற்களிலும் இந்த மூன்றாம் வகை ஒளிந்திருக்கும். ‘சமபங்கு’ என்று எழுத நினைத்து a-ஐ விட்டால் ‘சம்பங்கு’ ஆகிவிடும். ‘நகக்கண்’ என்பதில் மூன்று ககரம். அவற்றில் முதல் ககரத்துக்குப் பின் a: ; h a h h p f.

நடு வரிசை கைக்கு வந்த பிறகு மேல் வரிசை. இதில் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ என்ற நெடில்களும் ள, ற, ன, ட, ண, ச, ஞ என்ற மெய்களும் இருக்கின்றன. இந்த வரிசையை மட்டும் வைத்துச் சொல் தேடினால் ஒரு வேடிக்கை தெரியும்.

```
ஆசை  ஆடை  ஆணை  ஆனை  ஏனை  ஊளை  சூளை  சூறை
சடை  சாணை  சேனை  சட்டை  சாட்டை  சேட்டை  சண்டை
```

எல்லாம் ஐகாரத்தில் முடிகின்றன. காரணம் எளிது. தமிழ்ச் சொற்கள் பெரும்பாலும் இகரத்திலோ உகரத்திலோ ஒற்றிலோ ஐகாரத்திலோ முடியும். முதல் மூன்றுக்கும் உரிய விசைகள் நடு வரிசையில் இருப்பதால் இங்கே எஞ்சுவது ஐ மட்டும். ‘சூடான’ போன்ற எச்சங்கள் சில உண்டு, அவ்வளவுதான். எனவே மேல் வரிசையைத் தனியாக ஒரு நாள் அடித்து, r விசைக்கு இடக்கை ஆட்காட்டி விரலைப் பழக்கிவிட்டு, உடனே நடு வரிசையோடு கலந்துவிடுங்கள்.

```
நாடு  காடு  பாட்டு  ஏணி  கிணறு  தேன்  கண்
பஞ்சு  மஞ்சள்  நண்டு  கன்று  மூன்று  ஞாயிறு
```

இரண்டாம் வரியில் ‘ஞாயிறு’ தவிர மற்றவற்றின் இடையில் புள்ளி தானாக விழும்: ‘மஞ்சள்’ k ] [ y f, ‘கன்று’ h i u d. இந்த வரிசையில் வலக்கைச் சுண்டுவிரல் படும் பாடு தனிக்கதை. p, [, ], ;, ', / ஆறும் அதன் பொறுப்பு. அதாவது ண, ச, ஞ, ந, ய, ழ என்று பதினெட்டில் ஆறு மெய்களை அந்த ஒரு விரல் சுமக்கிறது. அமைப்பில் எனக்குப் பிடிக்காத ஒரே இடம் இதுதான், அதிலும் ச-வை [ விசையில் வைத்தது. ‘செய்’, ‘சண்டை’, ‘ஞாயிறு’ ஆகியவற்றை மெதுவாக அடியுங்கள். சுண்டுவிரல் வலித்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கீழ் வரிசைக்கென்று தனிச் சொற்பட்டியல் கேட்காதீர்கள். ஔ, ஓ, ஒ என்ற மூன்று உயிர்களையும் வ, ங, ல, ர, ழ என்ற ஐந்து மெய்களையும் வைத்து என்ன சொல் கட்ட முடியும்? ‘வர’, ‘வரவர’, ‘வல்ல’, ‘வழவழ’ என்ற அளவில் தீர்ந்துவிடுகிறது. கீழ் வரிசைப் பயிற்சி என்று பொருளற்ற எழுத்துக்கூட்டங்களை அடிக்கச் சொல்லும் பட்டியல்களும் உண்டு. அவற்றை விட, நடு வரிசையோடு சேர்த்துப் பழகுவதே மேல்.

```
கல்  வயல்  குரல்  நிழல்  வழி  மொழி  தோழி  பொழுது
எழுத்து  ஓவியம்  கோவில்  கொழுந்து  தமிழ்  முத்தமிழ்
பங்கு  தங்கம்  அரங்கம்  ஒழுங்கு  முழங்கு  குங்குமம்
```

மூன்றாம் வரி ங-வுக்காக. இந்த எழுத்துக்குப் பின் அநேகமாக ககரம்தான் வரும். ஆகவே b-ஐத் தனி விசையாக நினைக்காமல் b h என்ற இரட்டைத் தட்டாகவே பழகுங்கள். ‘குங்குமம்’ இதில் கடைசியாக நிற்பதற்குக் காரணம் உண்டு: h d b h d k a k f. ங்க-வுக்கு நடுவே எதுவும் இல்லை, மம்-முக்கு நடுவே a.

வ ஒன்றுதான் இடக்கையில் இருக்கும் புழக்கமான மெய். அதனால் அதோடு எந்த உயிர் சேர்ந்தாலும் இரண்டு தட்டும் ஒரே கைக்கு வருகின்றன. ‘அவை, இவை, எவை’ மூன்றும் முழுக்க இடக்கைச் சொற்கள்: a v r, s v r, g v r. எவ்வளவு வேகமாக அடிப்பவருக்கும் இங்கே தாளம் சற்றுத் தட்டும். அது உங்கள் குறையல்ல.

மூன்று வரிசையும் வந்த பிறகு, எழுத்து மயக்கம் தரும் இணைகளை அடியுங்கள். நடு வரிசை மெய்களில் ந ஒன்றைத் தவிர மயங்கும் எழுத்து எதுவும் இல்லை. மற்றவை மேலும் கீழுமாகச் சிதறிக் கிடக்கின்றன.

```
வலி v n s    வளி v y s    வழி v / s
மரம் k m k f   மறம் k u k f
மனம் k i k f   மணம் k p k f
```

ர, ற இரண்டுக்கும் ஒரே விரல்தான், கீழே இறங்குவதா மேலே ஏறுவதா என்பதே வேறுபாடு. ன, ண இரண்டுக்கும் நடுவே ட உட்கார்ந்திருக்கிறது. விரல் ஓர் இடம் தவறினால் ‘மணம்’ ‘மடம்’ ஆகிவிடும். எழுத்துப்பிழையா விரல் பிழையா என்பதை இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்: ‘மனம்’ என்று வந்தால் மயங்கியது மனம், ‘மடம்’ என்று வந்தால் தவறியது விரல்.

கிரந்த எழுத்துகளுக்கு ஷிப்ட்டோடு மேல் வரிசை: Q ஸ, W ஷ, E ஜ, R ஹ. ஆய்தம் ஷிப்ட்டோடு F. ‘எஃகு’ g F h d, ‘ஜன்னல்’ E i i n f. இவற்றுக்கு ஒரு நாள் போதும்.

அளவு என்று கேட்டால், ஓர் அமர்வில் பத்துச் சொற்களுக்கு மேல் எடுக்காதீர்கள், ஒவ்வொன்றையும் ஐந்து முறை அடியுங்கள். பின்னழிப்பு விசையைத் தொடாமல் ஐந்து முறையும் சரியாக வந்தால் அந்தச் சொல்லை விட்டுவிடலாம். மூன்றாம் வகைச் சொற்களை மட்டும் மறுநாளும் ஒரு முறை அடித்துப் பாருங்கள், அவைதான் மறக்கும்.

எல்லாம் முடிந்ததும் இந்த வரியைப் பார்க்காமல் அடியுங்கள்:

```
மழை பெய்து வயலில் நீர் ததும்பியது
k/r  jg'fld  v'nsnf  ;wmf  laldkjs'ld
```

முதலில் f-இல் தடுமாறினால் முதல் தொகுதிக்கும், ‘த்தும்பியது’ என்று வந்தால் மூன்றாம் தொகுதிக்கும் திரும்பிப் போங்கள்.